ஏன் விலகினீர்கள் என்று கேட்டால்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 28. ஹட்டனில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் மூன்றரை வருடம் கணக்கு உதவியாளராக இருந்தேன். கிளை முகாமையாளருக்கும் வசூல் பிரிவுப் பொறுப்பாளருக்கும் ஆகவே ஆகாது. நாலரைக்குக் கணக்கை மூடு என்பார் முகாமையாளர். நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் போன வசூல் ஆட்கள் வரும்வரை மூடாதே என்பார் மற்றவர். யார் சொன்னதைச் செய்தாலும் எனக்குத்தான் ஏச்சு, அதுவும் வாடிக்கையாளர்கள் முன்னால். ஒருநாள் முகாமையாளர் "லயத்துப் புத்தி" என்றும் சொல்லிவிட்டார். இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன், தலைமை அலுவலகத்துக்கும் கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகிவிட்டேன். இப்போது நாலு மாதமாக வீட்டில் இருக்கிறேன். முதல் இன்டர்வியூவில் நடந்ததை எல்லாம் சொன்னேன், அவர்கள் முகம் மாறிவிட்டது. இரண்டாவதில் "சொந்தக் காரணம்" என்றேன், கல்யாணமா, வீட்டில் பிரச்சினையா என்று தோண்டினார்கள். அடுத்த வாரம் கண்டியில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவுக்கு இன்டர்வியூ. பொய் சொல்ல மனம் வரவில்லை. என்ன சொல்வது?
– ப., டிக்கோயா

பதில்:

தங்கச்சி, நீங்கள் சொன்ன இரண்டு பதிலும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன. அது எந்த இடம் என்று விளங்க, மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். நான் கண்டியில் மனிதவளப் பிரிவில் பல வருடம் வேலை செய்து, கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்தவள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேட்பவர்கள் கையில் ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கும். கல்வி, அனுபவம், மொழி, பேசும் விதம் என்று கட்டங்கள் போட்டிருப்பார்கள். முந்தைய வேலையை விட்ட காரணத்துக்குப் பெரும்பாலும் ஒரு வரிக்குமேல் இடம் இருக்காது. நீங்கள் பத்து நிமிடம் சொன்னாலும் அந்த வரியில் நாலைந்து சொல்தான் விழும். அன்றைக்கு வந்த எல்லோரும் போன பிறகு, மாலையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பேசும்போது வாசிக்கப்படுவது அந்த நாலைந்து சொல்தான். உங்கள் முதல் இன்டர்வியூவில் அங்கே "முகாமையாளருடன் சண்டை" என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவதில் "காரணம் தெளிவில்லை" என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் உங்களுக்கு அநியாயம்தான். ஆனால் எழுதியவர் வேண்டுமென்று செய்தது அல்ல. எழுதுவதற்கு வேறு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

நடந்ததை எல்லாம் சொன்னபோது முகம் மாறியதற்குக் காரணம், உங்களை நம்பாதது என்று நினைக்காதீர்கள். அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் முகாமையாளரைத் தெரியாது, அந்தக் கிளையைத் தெரியாது. ஒரு பக்கக் கதை மட்டும் காதில் விழுகிறது. அதைச் சரி என்றோ பிழை என்றோ சொல்ல அவர்களுக்கு வழியில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் பாதுகாப்பான பக்கம்தான் சாய்வார்கள். "சொந்தக் காரணம்" என்ற பதிலுக்கும் இதே கதிதான். அது கதவை மூடுவது போலத் தெரிந்தாலும், ஒரு இளம் பெண் சொல்லும்போது எதிரில் இருப்பவர் கல்யாணம், பிள்ளை, மாமியார் வீடு என்று தானாகவே ஊகிக்கத் தொடங்குவார். அப்படித் தோண்டுவது முறையல்ல, அதைச் செய்தவர்கள் வெட்கப்பட வேண்டும். ஆனாலும் அந்தப் பதில் உங்கள் விஷயத்தில் உண்மையும் இல்லை. நீங்கள் விலகியது வேலையால்தான், வீட்டால் அல்ல.

ஆகவே அந்த ஒரு வரியில் என்ன விழ வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்து, அதற்கு ஏற்ற மாதிரிப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த வரி: "ஒரே வேலைக்கு இரண்டு பேரின் முரணான உத்தரவு, நோட்டீஸ் கொடுத்து விலகினார்." இதில் பொய் ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கிற விஷயம்தான். எந்த முகாமையாளர் வாசித்தாலும் உடனே விளங்கும், ஏனென்றால் அவரும் ஏதாவது ஒரு காலத்தில் இப்படி நடுவில் மாட்டியிருப்பார்.

இனி அந்த வரிக்கு எப்படிப் போவது என்று பார்ப்போம். முதலில் ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து, நடந்தது எல்லாவற்றையும் கோபத்தோடேயே எழுதுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை, அதனால் அடக்க வேண்டாம். ஒரு நாள் விட்டு அதை எடுத்து, அந்த அறையில் இருந்த மூன்றாம் ஆள் ஒருவர் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய, காதால் கேட்டிருக்கக்கூடிய விஷயங்களுக்குக் கீழே மட்டும் கோடு போடுங்கள். உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொண்டால், "நாலரைக்கு மூடு" என்றது கேட்டிருக்கக்கூடியது. "வரும்வரை மூடாதே" என்றதும் கேட்டிருக்கக்கூடியது. தலைமை அலுவலகத்துக்கு எழுதியது, நோட்டீஸ் கொடுத்தது இரண்டுக்கும் காகிதம் இருக்கிறது. "ஆகவே ஆகாது" என்பது நீங்கள் எடுத்த முடிவு. அது சரியாகவே இருக்கலாம், ஆனால் அறையில் இருந்தவர் பார்த்திருக்கக்கூடியது அல்ல. கோடு விழாத எதுவும் இன்டர்வியூவுக்கு வரவேண்டாம். "என்னைப் பழிவாங்கத்தான் செய்தார்", "அவருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது" என்று மற்றவர் மனசுக்குள் புகுந்து சொல்கிற வசனங்கள்தான் கேட்பவர் காதில் கசப்பாக விழும்.

அடுத்ததுதான் முக்கியம், கொஞ்சம் கஷ்டமும்கூட. அந்த இரண்டு பேரும் அப்படிச் சொன்னதற்கு வேலை சார்ந்த காரணம் என்ன என்று எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருந்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியும். முகாமையாளர் நாலரைக்கு மூடச் சொன்னது, அன்றைய கணக்கு நேரத்துக்குத் தலைமை அலுவலகம் போய்ச் சேர வேண்டும் என்பதால் இருக்கும். தாமதமானால் கேள்வி அவருக்குத்தான் வரும். வசூல் பொறுப்பாளர் பொறுத்திரு என்றது, பொகவந்தலாவையிலிருந்து மழையிலும் மூடுபனியிலும் வருகிற ஆள் கையில் காசு இருப்பதால். அந்தக் காசு அன்றிரவே பெட்டகத்துக்குள் போய்ப் பதிவாகாவிட்டால், அது காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு நியாயம் இருந்திருக்கிறது. எது முதல் என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. பிழை அங்கேதான் இருந்தது.

ஏன் இதில் இவ்வளவு நிற்கிறேன் என்றால், ஒரு பதில் கசப்பாக இருக்கிறதா இல்லையா என்று நாங்கள் குரலை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. மென்மையாகப் பேசிக்கொண்டே ஊசி குத்துபவர்கள் உண்டு. சத்தமாகப் பேசினாலும் நேர்மையாக இருப்பவர்களும் உண்டு. எதிர்ப்பக்கத்தின் காரணத்தை இவர் ஒரு வசனத்திலாவது சொல்கிறாரா என்றுதான் நான் பார்ப்பேன். சொன்னால், இவர் அந்த வேலையை விளங்கிச் செய்தவர் என்று தெரியும், ஏசுவதற்காக வரவில்லை என்பதும் தெரியும். சிரித்துக்கொண்டு "அங்கிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று பூசி மெழுகுவதைவிட இது எத்தனையோ மடங்கு மேல்.

இப்போது பதிலை முழுதாக எழுதிப் பார்ப்போம்:

"ஹட்டன் கிளையில் நாள் கணக்கை மூடுவது என் பொறுப்பாக இருந்தது. அன்றைய கணக்கு நேரத்துக்குத் தலைமை அலுவலகம் போக வேண்டும் என்பதால் முகாமையாளர் நாலரைக்கு மூடச் சொல்வார், வெளியே இருக்கிற காசு அன்றே பதிவாக வேண்டும் என்பதால் வசூல் பொறுப்பாளர் கடைசி ஆள் வரும்வரை பொறுக்கச் சொல்வார். எது முதல் என்று இருவரிடமும் கேட்டேன், தலைமை அலுவலகத்துக்கும் எழுதினேன், முடிவு கிடைக்கவில்லை. இப்படியே போனால் என் கையெழுத்தில் கணக்குப் பிழை வரும் என்று பட்டது, அதனால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு விலகினேன்."

நாலே வசனம்தான். நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் வருகிற அமைதியைப் பொறுக்க முடியாமல்தான் பலர் "அது மட்டுமில்லை மேடம்…" என்று தொடங்கி, வாசலில் விட்டு வந்ததை எல்லாம் உள்ளே கொண்டுவந்து கொட்டுவார்கள். அமைதியாக இருக்கும்போது எதிரில் இருப்பவர் எழுதிக்கொண்டிருப்பார். எழுதட்டும்.

கடைசி வசனத்தை மட்டும் நீங்கள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கணக்குப் பிழை பற்றிய பயம் உங்கள் கடிதத்தில் இல்லை, நான் ஊகித்துப் போட்டது. உங்களுக்கு அந்தப் பயம் உண்மையிலேயே இருந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எடுத்துவிட்டு, நடந்தது என்னவோ அதைப் போடுங்கள்: "அதனால் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே வாக்குவாதம் வரும் நிலை ஆனது, அந்தச் சூழலில் என்னால் வேலையை ஒழுங்காகச் செய்ய முடியவில்லை." இதுவும் கௌரவமான பதில்தான். அடுத்தவர் எழுதிக் கொடுத்த காரணத்தைச் சொன்னால், இரண்டாவது கேள்வியிலேயே நாக்குத் தடுமாறும்.

அந்த இரண்டாவது கேள்வி வரத்தான் செய்யும். உங்களிடம் பெரும்பாலும் வேறு வேலை கிடைக்கும் முன் ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். நாலு மாத இடைவெளி சீவியில் தெரிகிறது. இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். "அங்கே இருந்துகொண்டே இன்டர்வியூவுக்கு லீவு எடுப்பது சரிவரவில்லை, நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்துவிட்டுத் தேடத் தொடங்கினேன்" என்பது உண்மையாக இருந்தால் அது போதும். இந்த இடைவெளியை மறைக்க மட்டும் சீவியில் மாதத்தை நீட்ட வேண்டாம். சேவைக் கடிதத்தில் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் இருக்கும், ஈ.பி.எப். பங்களிப்பு எந்த மாதத்தோடு நின்றது என்பதும் பதிவில் இருக்கும். சண்டை நடந்த இடத்திலிருந்து விலகினேன் என்பதற்காக வேலை மறுப்பவர்கள் சிலர்தான். திகதியில் பொய் சொன்னவரை எந்தக் கணக்குப் பிரிவும் எடுக்காது.

சேவைக் கடிதம் இன்னும் வாங்கவில்லையா? இந்த வாரமே வாங்குங்கள். முகாமையாளரிடம் நேரே போய் நிற்கத் தேவையில்லை, தலைமை அலுவலக மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். பதவி, சேவைக்காலம், தானாக விலகினார் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். புகழ்ந்து எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம் "உங்கள் பழைய முகாமையாளரிடம் விசாரிக்கலாமா?" என்ற கேள்வி. இதற்குத்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன், கடிதத்தில் எழுதாவிட்டாலும். நம் மலையகத்தில் ஹட்டனுக்கும் கண்டிக்கும் நடுவே ஆள் தெரியாத இடம் எது? கேட்காமலே யாராவது ஒருவருக்கு ஒரு அழைப்பு எடுத்துவிடுவார்கள். அதனால் "வேண்டாம்" என்று சொல்வதில் பயனில்லை, சந்தேகம்தான் கூடும். "தாராளமாகக் கேளுங்கள். அந்த விஷயத்தை அவர் தன் பக்கத்திலிருந்து பார்ப்பார். என் கணக்கு வேலையைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டால் நல்லது. கூடவே இவரிடமும் கேட்கலாம்" என்று இன்னொரு பெயரையும் கொடுங்கள். அந்த இன்னொருவர் உங்கள் வேலையை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். உள்ளகக் கணக்காய்வுக்கு வந்துபோன அலுவலர், முன்பு அதே கிளையில் இருந்து மாற்றலாகிப் போன மூத்தவர் என்று யாராவது. பெயரைக் கொடுக்கும் முன் அவருக்கு அழைப்பு எடுத்துச் சம்மதம் கேளுங்கள். நீங்கள் சொல்லப்போகும் அந்த நாலு வசனத்தையும் அவரிடம் சொல்லிவையுங்கள். உங்களுக்காகப் பேசச் சொல்வதற்கு அல்ல. தனக்குத் தெரிந்ததற்கு அது முரணாக இருந்தால் அவர் இப்போதே சொல்லிவிடுவார், நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

இனி அந்த "லயத்துப் புத்தி". இதை மற்றதோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. நான் மேலே எதிர்ப்பக்கத்தின் காரணத்தைச் சொல்லுங்கள் என்றேன். இதற்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது, தேடவும் வேண்டாம். நாலரைக்கு மூடுவது வேலை பற்றிய கருத்து வேறுபாடு. இது நீங்கள் பிறந்த இடத்தை வைத்து உங்களைத் தாழ்த்தியது. லயத்தில் பிறந்து, ஏ.எல். முடித்து, கணக்குப் படித்து வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு, நாள், நேரம், யார் அருகில் இருந்தார்கள் என்பதோடு எழுதுங்கள். விலகிய பிறகும் எழுதலாம்.

ஆனால் இன்டர்வியூவில் முதல் பதிலாக அதை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. சொல்லக்கூடாத விஷயம் என்பதால் அல்ல. முன்பின் தெரியாத மூன்று பேர், அதில் இரண்டு பேருக்கு லயம் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாமல் இருக்கலாம், அவர்கள் அந்தச் சொல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்து, அது அவ்வளவு பெரிய விஷயமா என்று எடைபோடும் இடத்தில் நீங்கள் உட்கார வேண்டியதில்லை. அதைச் சொல்லாமல் விடுவது பொய் ஆகாது. நீங்கள் சொல்கிற காரணம் தன்னளவிலேயே முழு உண்மை. ஒருவேளை அவர்களே "தனிப்பட்ட முறையில் ஏதாவது நடந்ததா?" என்று நேராகக் கேட்டால், ஒளிக்கவும் வேண்டாம். "ஒருமுறை என் பின்னணியைப் பற்றி மரியாதையில்லாமல் பேசப்பட்டது. அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் என் முடிவுக்குக் காரணம் நான் முன்பு சொன்னதுதான்" என்று சொல்லி நிறுத்துங்கள். அந்தச் சொல்லையே காரணமாகக் கொண்டுதான் நீங்கள் விலகினீர்கள் என்றால், கடைசி வசனத்தை விட்டுவிட்டு அதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற இடத்தில் போய்ச் சேராமல் இருப்பது உங்களுக்கு நல்லதுதான்.

பயிற்சி செய்யும்போது உங்கள் கதை முழுவதும் தெரிந்த தோழியிடம் செய்யாதீர்கள். அவர் உங்கள் பக்கம் தலையாட்டுவார், நீங்களும் சூடேறிப்போவீர்கள். கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். மூன்று இடத்தில் காது கொடுங்கள். முகாமையாளர் சொன்னதைச் சொல்லும்போது அவர் குரலிலேயே பேசுகிறீர்களா? "எப்பவும்", "ஒருநாளும்" என்ற சொற்கள் வருகின்றனவா? இரண்டாவது வசனத்திலிருந்து வேகம் கூடுகிறதா? இதில் ஏதாவது இருந்தால் மனசு இன்னும் அந்தக் கிளையில்தான் நிற்கிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், கடையில் பேசுகிற வேகத்துக்கு வரும்வரை. கண்டி ஹோட்டல் என்றபடியால் இன்டர்வியூ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கலாம். அந்த நாலு வசனத்தையும் அந்த மொழியிலும் எழுதி, அதிலேயே பழகுங்கள். தமிழில் சரியாக வந்தது அங்கே போய் அவசரத்தில் "பொஸ்ஸோட பிரச்சினை" என்று சுருங்கிவிடக்கூடாது.

இன்னொரு கசிவும் இருக்கிறது. விலகிய காரணத்தை அழகாகச் சொல்லி முடித்தவர்கள்கூட, பிறகு "எங்கள் ஹோட்டலில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்றால், "இங்கே எல்லோரும் ஒற்றுமையாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன்" என்பார்கள். "எப்படிப்பட்ட முகாமையாளர் பிடிக்கும்?" என்றால், "ஏசாதவர்" என்பார்கள். பழைய கதை பின்கதவால் உள்ளே வந்துவிடும். இந்தக் கேள்விகளுக்கு ஹோட்டல் வேலையைப் பற்றித்தான் பதில் இருக்க வேண்டும். கடன் வாங்கியவர்களின் பெயர், யார் தவணை கட்டவில்லை போன்ற பேச்சு எந்தப் பதிலிலும் வேண்டாம். பழைய இடத்தின் வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்பவர், நாளைக்கு எங்கள் விருந்தாளியைப் பற்றியும் சொல்வார் என்று அங்கேயே முடிவாகிவிடும். விண்ணப்பப் படிவத்திலும் "விலகிய காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தால், நான் மேலே சொன்ன அந்த ஒரு வரியையே சுருக்கி எழுதுங்கள். தாளில் ஒன்று, வாயில் ஒன்று என்று இருக்கக்கூடாது.

ஹோட்டல் வேலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஹோட்டல்களில் நாள் கணக்கு மாலையில் மூடுவதில்லை. உணவகம், பார், அறை என்று எல்லாப் பக்கத்து பில்லும் வந்த பிறகு, இரவில்தான் மூடுவார்கள். நைட் ஆடிட் என்பார்கள். பார் மூடத் தாமதமாகும், ஒரு பில் கையெழுத்தில்லாமல் வரும், வரவேற்பு மேசை ஒன்று சொல்லும், உணவகம் வேறொன்று சொல்லும். உங்கள் கிளையில் நாலரை மணிக்கு நடந்தது அங்கே நள்ளிரவில் நடக்கும். அதனால் கடைசியில் "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று வரும்போது, இதையே கேளுங்கள்: "நாள் கணக்கை மூடியபிறகு ஒரு பில் வந்தால், அதை எந்த நாளில் சேர்ப்பது என்று முடிவு சொல்பவர் யார்?"

வேலை தெரிந்தவர் மட்டும் கேட்கும் கேள்வி இது, அவர்களும் அதைக் கவனிப்பார்கள். உங்களுக்கும் இதில் ஒரு பயன் இருக்கிறது. நிதி முகாமையாளர் உடனே ஒரு பதவியைச் சொன்னால், அங்கே அந்த விஷயம் தீர்ந்திருக்கிறது. கணக்குப் பிரிவுக்காரர் ஒன்றும், விருந்தினர் பிரிவுக்காரர் வேறொன்றும் சொன்னால், அந்த இடமும் உங்கள் பழைய கிளை போலத்தான். வேலை கிடைத்தால், நியமனக் கடிதத்தில் நீங்கள் யாருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள் என்று ஒரே ஒரு பதவி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கையெழுத்துப் போடும் முன் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.